பகலில் பட்டினி, இரவில் கட்டுக்கடங்காத சாப்பாடு

கேள்வி: பகலெல்லாம் கட்டுப்பாடாக இருந்தும் இரவில் நிறுத்த முடியாமல் சாப்பிடுகிறேன். மன உறுதி போதவில்லையா?

மன உறுதியை விட, பகல் பட்டினியே முக்கியக் காரணமாக இருக்கலாம். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், உடல்நலமுள்ள 36 இளைஞர்கள் சுமார் ஆறு மாதம் அரைவயிற்றோடு இருந்தார்கள். பிறகு தாராளமாக உணவு கிடைத்தபோது, அவர்களில் சிலர் வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் உண்டார்கள்.

காலை உணவைத் தவிர்த்து, மதியம் வெறும் வெள்ளரிக்காயோடு நிறுத்துபவர், இரவில் ஒரு முறுக்கைத் தொட்டதும் 'இன்றைய விரதம் கெட்டுவிட்டது' என்று டப்பாவையே காலி செய்கிறார். மறுநாள் அதற்கு ஈடாக மீண்டும் பட்டினி கிடப்பதால் அடுத்த இரவும் அப்படியே முடிகிறது.

இதற்கான சிகிச்சையில் முதலில் சீராக்கப்படுவது அளவல்ல, நேரம்தான்: எட்டு மணிக்கு இட்லி, பதினொன்றுக்கு மோரும் சுண்டலும், ஒன்றரைக்குச் சோறு, ஐந்துக்குச் சிற்றுண்டி, எட்டரைக்கு இரவுணவு என, இடைவெளி நான்கு மணி நேரத்தைத் தாண்டாமல், பசிக்காவிட்டாலும் உண்ண வேண்டும். முந்தைய இரவு அளவு மிஞ்சிச் சாப்பிட்டிருந்தாலும் காலை இட்லியை விடக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். எடை கூடுமோ என்ற அச்சம் இயல்பு, ஆனால் எடைக்குறைப்பை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

வாந்தி எடுப்பதோ பேதி மாத்திரை விழுங்குவதோ இருந்தால், அல்லது இன்சுலின் போடுபவரானால், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.