தொழில் திட்டத்தில் அறிக்கையைக் காப்பியடிக்காமல் மேற்கோள் காட்டுவது எப்படி?

"கல்லூரியில் சிறுதானிய ஸ்நாக்ஸ் கடைக்குத் தொழில் திட்டம் எழுதுகிறேன். சந்தை அளவு பகுதியை ஒரு துறை அறிக்கையிலிருந்து எடுத்து வார்த்தைகளை மாற்றினேன். மேற்கோள் போட்டால் போதுமா?"

போதாது. வாக்கியத்தின் வரிசையும் வாதமும் அவர்களுடையதாக இருந்தால், மேற்கோள் போட்டாலும் அது காப்பிதான். எண்ணை மட்டும் எடுங்கள், அதிலிருந்து வரும் முடிவை நீங்கள் எழுதுங்கள்.

உதாரணமாக, மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். நகர்ப்புறத்தில் ஒருவருக்கு மாதச் செலவு சராசரியாக ரூ.6,459. அதில் பானங்கள், பதப்படுத்திய உணவுக்கு 10.64 சதவீதம். அறிக்கையை மூடிவிட்டு இப்படி எழுதலாம்:

"நகரவாசி ஒருவர் பானம், பதப்படுத்திய உணவுக்கு மாதம் சுமார் ரூ.687 செலவிடுகிறார் (புள்ளியியல் அமைச்சகம், 2024, பெருக்கல் எங்களுடையது). இதில் டீ, காபி, ஓட்டல் சாப்பாடும் அடங்கும். எனவே ஸ்நாக்ஸின் பங்கைக் கண்டறிய எங்கள் தெருவில் 40 பேரிடம் கேட்டோம்."

'பெருக்கல் எங்களுடையது' என்பதை விட்டுவிடாதீர்கள். நீங்கள் கணக்கிட்ட எண் அறிக்கையில் அப்படியே இல்லாவிட்டால், தேடிப் பார்க்கும் ஆசிரியருக்கு உங்கள் மேற்கோளே பொய்யாகத் தெரியும். இது அகில இந்திய சராசரி என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், விலை கொடுத்து வாங்கும் அறிக்கைகளின் விளம்பரப் பக்கத்தில் பெரும்பாலும் வளர்ச்சி விகிதம் போன்ற எண்கள்தான் இருக்கும், கணக்கிட்ட முறை இருக்காது. நீங்கள் படித்தது அந்தப் பக்கம் என்றால் அதையே குறிப்பிடுங்கள். முழு அறிக்கையைப் படித்ததுபோல் மேற்கோள் காட்டாதீர்கள். செய்தியில் பார்த்த எண்ணுக்கும் இதே விதிதான்: மூலத்தைத் தேடிப் பாருங்கள், கிடைக்காவிட்டால் செய்தியின் பெயரைப் போடுங்கள்.