சிசியில் வக்கீல் பேர் இருந்தால் போதுமா?

"மேடம், லா முடிச்சுட்டு தண்டையார்பேட்டையிலிருந்து தினம் கிண்டி வரைக்கும் போய் வெளிநாட்டு வக்கீல் ஆபீஸ் வேலையை இங்கே செஞ்சு தர்ற ஒரு எல்பிஓவில் டாக்குமென்ட் ரிவ்யூ பார்க்கிறேன். அமெரிக்க கேஸ். ஒரு நாளைக்கு 400 மெயில், ஒவ்வொன்றுக்கும் ரெலவன்ட், பிரிவிலேஜ், இர்ரெலவன்ட்னு டேக் போட்டு ஒரு வரி காரணம் எழுதணும். மெயிலில் வக்கீல் பேர் எங்கே இருந்தாலும் பிரிவிலேஜ்னு போட்டுடுறேன், அதுதானே சேஃப்? ஆனா எங்க வேலையைச் சரிபார்க்கிற கியூசியில் பத்துக்கு மூணு திரும்பி வருது. காரணமும் சரியில்லைங்கிறாங்க. எதை வச்சு முடிவு பண்றது?"

முதலில் ஒரு சின்னத் திட்டு. கேள்வியோடு ஒரு மெயிலை ஸ்கிரீனிலிருந்து போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தீர்கள் தம்பி. முதல் வரியைப் பார்த்ததும் அழித்துவிட்டேன், உங்கள் போனிலும் அழித்துவிடுங்கள். இந்த மாதிரி கேஸ்களில் பெரும்பாலும் கோர்ட்டே ரகசியக் காப்பு உத்தரவு போட்டிருக்கும், அது தண்டையார்பேட்டை வரைக்கும் நீளும். அதனால் உங்கள் மெயிலைத் தொடாமல் நானே ஒரு கேஸை ஜோடித்துக்கொள்கிறேன்.

ஒரு அமெரிக்க கம்பெனி மணலியில் ஒரு ஃபேக்டரியிடம் வால்வு வாங்குகிறது. சரக்கு சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி அங்கே போய்ச் சேர்ந்தபின் வால்வு கசிகிறது. அமெரிக்க கம்பெனி அங்குள்ள ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போடுகிறது. நாம் அந்த அமெரிக்க கம்பெனியின் பக்கம். எதிர்த்தரப்பு எழுதிக் கேட்ட பட்டியலில் நாலாம் எண்: ஜனவரி முதல் ஜூன் வரை வால்வு கசிவு, அதன் டெஸ்ட் பற்றிய எல்லா ஆவணங்களும்.

நீங்கள் பார்க்கிற மூணு பட்டனும் ஒரே கேள்விக்கான மூணு பதில் இல்லை, இதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். முதல் கேள்வி, இந்த மெயில் பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு எண்ணுக்குப் பதிலாகிறதா? கேஸோடு சம்பந்தம் இருக்கிற மாதிரித் தோன்றுவது போதாது. அதே வால்வுக்கு அடுத்த வருஷ விலை பேசுகிற மெயில் சுவாரஸ்யமாக இருக்கலாம், ஆனால் விலையை யாரும் கேட்கவில்லை என்றால் இர்ரெலவன்ட். ஆம் என்றால் மட்டும் இரண்டாம் கேள்வி, இதைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்க நமக்கு உரிமை இருக்கிறதா? பிரிவிலேஜ் என்றால் 'கொடுக்க வேண்டியதுதான், ஆனாலும் நிறுத்துகிறோம்' என்று அர்த்தம். பல புரோட்டோகால்களில் இர்ரெலவன்ட் மெயிலுக்குப் பிரிவிலேஜ் பார்க்கவே வேண்டாம், எப்படியும் வெளியே போகாது. உங்கள் புரோட்டோகால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த அந்தத் தாள்கள்தான், பிரித்துப் பார்க்காமல் வைத்திருப்பீர்கள்.

இப்போது ஒரு மெயில் சங்கிலி.

பிளான்ட் இன்ஜினியர் கொள்முதல் தலைவருக்கு எழுதுகிறார்: 12 வால்வில் 5 கசிகிறது. வக்கீல் இல்லை, ரெலவன்ட், இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கொள்முதல் தலைவர் கம்பெனியின் சொந்த வக்கீலுக்கு எழுதுகிறார்: ஒப்பந்தப்படி வாரன்டி நோட்டீஸ் எத்தனை நாளுக்குள் அனுப்பணும்? டெஸ்ட் ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். இது பிரிவிலேஜ், ஏனென்றால் கட்சிக்காரர் வக்கீலிடம் சட்ட யோசனை கேட்கிறார். ஆனால் அந்த அட்டாச்மென்ட் இருக்கிறதே, அது பிரிவிலேஜ் இல்லை. அந்த ரிப்போர்ட் வக்கீலுக்காகத் தயாரானது இல்லை, டெஸ்ட் நடந்த அன்றே இருந்தது. வக்கீல் பையில் போட்டதால் கடைப் பில் ரகசியமாகிவிடாது. 1981இல் அப்ஜான் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத்தான் தெளிவாக்கியது: வக்கீலோடு பேசிய பேச்சுக்குத்தான் காப்பு, பேச்சின் அடியில் இருக்கிற உண்மைகளுக்கு இல்லை. மெயிலுக்கும் அட்டாச்மென்ட்டுக்கும் தனித்தனி டேக் போட முடியுமா, அல்லது குடும்பமாக ஒரே டேக்தானா என்பதை மட்டும் டீம் லீடிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கொள்முதல் தலைவர் பிளான்ட் ஆட்கள் எல்லோருக்கும்: நாளைக் காலை 9 மணிக்கு மறு டெஸ்ட், எல்லோரும் வாங்க. சிசியில் வக்கீல். நீங்கள் பிரிவிலேஜ் போட்டு, கியூசி திருப்பி அனுப்புவது அனேகமாக இந்த வகையைத்தான். இங்கே யாரும் வக்கீலிடம் எதையும் கேட்கவில்லை, வக்கீலும் ஒன்றும் சொல்லவில்லை, தகவலுக்காக ஒரு பேரைச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ரெலவன்ட் போட்டு நகருங்கள்.

இதற்கு நேர் எதிரானதுதான் ஆபத்தானது, ஏனென்றால் கண்ணில் படாது. கொள்முதல் தலைவர் இன்ஜினியருக்கு இரண்டே வரி எழுதுகிறார்: மறு டெஸ்டிலும் கசிவுதான். நோட்டீஸ் போகும்வரை கழற்றிய வால்வைத் திருப்பி அனுப்பினால் நம் உரிமை பலவீனமாகும் என்று வக்கீல் சொல்கிறார், அதனால் பத்திரமாக வையுங்கள். மேலே அனுப்புநர், பெறுநர் இரண்டிலும் வக்கீல் பேர் கிடையாது. ஆனாலும் இரண்டாம் வரி வக்கீலின் யோசனை, வேலைக்காக அது தேவைப்படுகிற இன்னொரு ஊழியரிடம் போகிறது, காப்பு அப்படியே இருக்கிறது. முதல் வரி வெறும் தகவல். ஆக, முழுதாக நிறுத்தக் கூடாது, இரண்டாம் வரியை மட்டும் கறுப்படித்துக் கொடுக்கணும். உங்களுக்குக் கொடுத்த மெயில் பேட்ச்சை ஒப்படைப்பதற்கு முன்னால் இந்த வகை ஏதாவது நழுவியதா என்று தேட, உங்கள் மென்பொருளில் டிடிசர்ச் தேடல் முறை இருந்தால் இப்படி ஒரு வரி போதும்:

```
(attorney or counsel or lawyer) w/10 (says or advises or advised or told)
```

இரண்டு பக்கச் சொற்களும் பத்துச் சொல் தூரத்துக்குள் இருக்கும் மெயிலை எல்லாம் இது எடுத்துக்கொடுக்கும். legal என்ற சொல்லை மட்டும் தட்டித் தேடாதீர்கள். பல கம்பெனிகளில் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் 'ரகசியமானது, legal privilege-க்கு உட்பட்டது' என்று தானாக ஒரு வாசகம் ஒட்டிக்கொள்ளும், பிறந்தநாள் கேக் மெயிலிலும்கூட. நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் அந்த அடிவாசகத்தை நம்பி ஒரு பேட்ச் முழுக்கப் பிரிவிலேஜ் போட்டு, ஞாயிற்றுக்கிழமை திரும்ப உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன்.

கடைசி மெயில் கொஞ்சம் வில்லங்கம். வக்கீல் எழுதிய யோசனையைக் கொள்முதல் தலைவர் கோபத்தில் மணலி ஃபேக்டரியின் சேல்ஸ் மேனேஜருக்கே ஃபார்வர்ட் பண்ணிவிடுகிறார், 'பாருங்க எங்க வக்கீல் என்ன சொல்றார்னு'. எதிராளி கைக்கே போய்விட்டால் ரகசியம் ஏது என்று தோன்றும், பெரும்பாலும் அது சரிதான். ஆனால் கம்பெனியின் காப்பு கம்பெனிக்குச் சொந்தம், அதை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அந்தத் தலைவருக்கு இருந்ததா என்பது தனிச் சண்டை. அதோடு அதே யோசனை வேறு மெயில்களிலும் இருக்குமே, அவற்றின் கதி? இதை நீங்களும் முடிவு செய்யக் கூடாது, நானும் செய்ய மாட்டேன். சந்தேகம் என்று ஒரு டேக் இருக்கும், அதைப் போட்டு மேலே தள்ளுங்கள்.

'பிரிவிலேஜ் போட்டால் சேஃப்' என்ற கணக்கு தப்பாவதும் இதனால்தான். சந்தேகத்தைச் சந்தேகம் என்று எழுதினால் ஒரு வக்கீல் பார்ப்பார், பிரிவிலேஜ் என்று எழுதினால் உங்கள் முடிவு மற்றவற்றோடு கலந்து, நிறுத்தி வைத்தவற்றின் பட்டியலில் அப்படியே ஏறிவிடும். அந்தப் பட்டியல் எதிர்த்தரப்புக்குப் போகும். அமெரிக்க சிவில் விதி 26(b)(5)(A) படி, நிறுத்தி வைத்தது எந்த வகை ஆவணம் என்பதை, உள்ளே உள்ள ரகசியத்தைக் காட்டாமல், எதிராளி எடைபோட்டுப் பார்க்கும் அளவுக்கு விவரிக்கணும். மறு டெஸ்டுக்கு ஆள் கூப்பிட்ட மெயில் மாதிரி நாலு அதில் மாட்டினால், நியாயமாக நிறுத்திய நாற்பதையும் நீதிபதி வாங்கிப் பார்க்க நேரலாம். மறுபக்கம், தப்பி வெளியே போன ஒரு மெயிலுக்கு ஓரளவு வழி இருக்கிறது. தெரியாமல்தான் போனது, தடுக்க நியாயமான முயற்சி எடுத்தோம், தெரிந்த உடனே கேட்டோம் என்று காட்டினால் சாட்சிய விதி 502(b) காப்பாற்றும். இந்த 'நியாயமான முயற்சி'யில் உங்கள் காரணக் கட்டமும் ஒரு அங்கம்.

சரி, காரணம் எழுதுவது. நீங்கள் இங்கிலீஷில்தான் அடிப்பீர்கள், பொருளைச் சொல்கிறேன். 'வக்கீல் இருக்கிறார்' என்பது காரணமே இல்லை. 'நோட்டீஸ் தாமதமாகிவிட்டது, தோற்கலாம் என்று வக்கீல் சொல்கிறார்' என்பது அதைவிட மோசம், அந்த வரி அப்படியே பட்டியலுக்குள் வெட்டி ஒட்டப்பட்டால் நீங்களே ரகசியத்தைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மாதிரி. இரண்டாவது மெயிலுக்கு நான் எழுதுவது: 'கொள்முதல் தலைவர் கம்பெனி வக்கீலிடம், வாரன்டி நோட்டீஸ் பற்றிச் சட்ட யோசனை கேட்கிறார், வெளியாள் இல்லை.' யார், யாரிடம், எந்தப் பொருள் பற்றி, கேட்டாரா சொன்னாரா, வெளியாள் உண்டா. ரெலவன்ட் மெயிலுக்கு இவ்வளவும் வேண்டாம், 'எண் 4, மறு டெஸ்ட்' போதும். இர்ரெலவன்ட் என்றால் இரண்டே சொல். இந்த வாக்கியத்தை எழுத உட்காரும்போது 'எதைப் பற்றி யோசனை' என்ற இடத்தை நிரப்ப முடியாமல் கை நின்றால், அது பெரும்பாலும் பிரிவிலேஜ் இல்லை.

பதவிப் பேரில் இன்னொரு குழி, நம் ஊர்க் குழி. அந்த அமெரிக்க கம்பெனிக்குப் பாரிமுனையில் ஒரு கொள்முதல் ஆபீஸ் இருந்து, அங்கே 'லீகல் மேனேஜர்' ஒருவர் சம்பளத்துக்கு இருக்கிறார் என்று வையுங்கள். அமெரிக்காவில் கம்பெனியின் சொந்த வக்கீலுக்கும் காப்பு உண்டு. இங்கே முழுநேரச் சம்பள வேலையில் இருக்கிறவர் வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 49. சம்பளத்துக்கு இருக்கிற கம்பெனி வக்கீலுக்கு, நம் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 132ஆம் பிரிவுக் காப்பு கிடையாது, 134ஆம் பிரிவில் குறைந்த அளவு காப்புதான் என்று 2025இல் நம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அவர் மெயிலுக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதை அமெரிக்க வக்கீல்தான் சொல்லணும். அவர் பேர் வருகிற முதல் மெயிலிலேயே கேட்டு, வந்த பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறாவது மெயிலில் கேட்டால் முந்நூறையும் திரும்பத் திறக்கணும்.

400 மெயில், எட்டு மணி நேரம், ஒன்றுக்கு 72 நொடி. தேதி வரிசையில் பார்த்தால் இந்த நேரம் போதாது. பேட்ச்சைச் சங்கிலி வாரியாக அடுக்கித் தரச் சொல்லுங்கள். ஒரே மெயில் மூன்று பேர் பெட்டியிலிருந்தும் வரும். அச்சு அசலான பிரதிகளை மென்பொருள் கழித்துவிடும், ஆனால் நீண்ட சங்கிலியின் வாலில் தொங்குகிற அதே வாசகத்தை அது வேறு ஆவணம் என்றே நினைக்கும். காலையில் நிறுத்தியதைச் சாயங்காலம் நீங்களே கொடுத்துவிடுவது இப்படித்தான் நடக்கிறது. திரும்பி வந்த மூன்றில் ஒன்றாவது இந்த ரகமாக இருக்கும், எடுத்துப் பாருங்கள், ஆபீஸ் ஸ்கிரீனிலேயே.