டிரைவுக்கு மாற்றிய பிறகு பேரிங் அடிக்கடி போகிறதா?

கேள்வி: எங்கள் ப்ளோயரில் 30 கிலோவாட் மோட்டார். நேரடி ஸ்டார்ட்டரில் ஓடியவரை பிரச்சினை இல்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் போட்ட பிறகு ஏழெட்டு மாதத்துக்கு ஒருமுறை பேரிங் கத்துகிறது. எர்த்திங், அலைன்மென்ட் இரண்டும் சரி. ஷாஃப்ட் கிரவுண்டிங் ரிங் போட்டால் தீருமா?

பெரும்பாலும் தீரும். ஆனால் ரிங் வாங்குவதற்கு முன், கழற்றிய பழைய பேரிங்கை வெட்டிப் பாருங்கள். கிரீஸைத் துடைத்துவிட்டு ரேஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பந்து ஓடும் தடத்தில் நெளிதகடு போல நெருக்கமான குறுக்குக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தால் அது ஃப்ளூட்டிங், பேரிங் வழியே கரன்ட் பாய்ந்த தடம். கிரீஸும் கரியாகக் கறுத்திருக்கும். கோடுகள் பந்துகளுக்கு இடையிலுள்ள தூரத்தில் மட்டும் இருந்தால், நின்றிருந்த மோட்டார் அதிர்ந்ததால் விழுந்த தடம் அது. ஒரு பக்கம் மட்டும் செதில் பெயர்ந்திருந்தால் லோடையோ அலைன்மென்ட்டையோ சந்தேகிக்கலாம். இந்த இரண்டுக்கும் ரிங் உதவாது.

பாடிக்குத்தான் எர்த் இருக்கிறதே என்று பலரும் கேட்பார்கள். பாடிக்கு இருக்கிறது, ஷாஃப்ட்டுக்கு இல்லை. ஓடும்போது ஷாஃப்ட் மெல்லிய கிரீஸ் படலத்தின் மேல் மிதக்கிறது. டிரைவ் வெளியிடுவது சீரான சைன் அலை அல்ல, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டிய துடிப்புகள். மூன்று ஃபேஸையும் கூட்டினால் பூஜ்யம் வராது. மிஞ்சும் வோல்ட்டேஜ், ஸ்டேட்டருக்கும் ரோட்டருக்கும் இடையிலுள்ள காற்றிடைவெளி கெப்பாசிட்டர் போல இருப்பதால் ஷாஃப்ட்டில் ஏறுகிறது. படலம் தாங்காத கணத்தில் பேரிங் வழியே பொறி பாய்ந்து, கண்ணுக்குத் தெரியாத குழி விழுகிறது. அப்படிக் கோடிக்கணக்கில் விழுந்த பிறகே கோடுகள் தெரிகின்றன.

ரிங்கிலுள்ள மெல்லிய கடத்தும் இழைகள் ஷாஃப்ட்டைத் தொட்டபடி, அந்த வோல்ட்டேஜை கிரீஸைத் தொடாமல் பாடிக்கு இறக்கிவிடும். உங்கள் அளவு மோட்டாருக்கு ஒரு முனையில் ஒரு ரிங் போதும். பொருத்துவதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். இழை தொடும் இடத்தில் துருவும் பெயின்ட்டும் இருக்கக் கூடாது, கீவே குறுக்கிடக் கூடாது. ரிங் உட்காரும் எண்ட் கவரிலும் பெயின்ட்டைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் தொடவிடுங்கள். பெயின்ட் மேலேயே மாட்டிய ரிங் வெறும் அலங்காரம்.

வேலை செய்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்க்க முடியாது, அது இந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. ஷாஃப்ட்டைத் தொடும் பிரஷ் முனையுடன் ஆசிலோஸ்கோப் வேண்டும். ரிங் இல்லாதபோது வோல்ட்டேஜ் பல பத்து வோல்ட் வரை ஏறிச் சட்டென்று சரிவது தெரியும். அந்தச் சரிவுதான் பொறி. ரிங் போட்டபின் உச்சம் சில வோல்ட்டுக்குள் அடங்க வேண்டும்.

ரிங் போடும்போது இரண்டு பேரிங்கையும் புதிதாக மாற்றுங்கள். விழுந்த கோடு ஆறாது. சுமார் 75 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மோட்டாரானால் கதை வேறு. அதில் பேரிங், ஷாஃப்ட், பாடி வழியே கரன்ட் சுற்றிவரும். ஆகவே லோடு இல்லாத முனையில் இன்சுலேட்டட் பேரிங்கும், லோடு முனையில் ரிங்கும் சேர்ந்தே வேண்டும்.