உள்சக்கரம் கூடுதலாகத் திரும்பினால் ஸ்டியரிங் ரேக்கை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் ஹேட்ச்பேக் 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஸ்டியரிங்கை வலதுபக்கம் முழுசாகத் திருப்பினால் வலது முன்சக்கரம் 38 டிகிரி திரும்புகிறது, இடது 32தான். அலைன்மென்ட் பார்த்தவர் ‘ரேக் வளைஞ்சிருக்கு சார், முழுசா மாத்தணும்’ என்கிறார். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். முன்பணமும் கொடுத்துவிடாதீர்கள். அந்த வித்தியாசம் கார் தயாரானபோதே வைத்தது.

வலதுபக்கம் வளையும்போது வலது சக்கரம் சின்ன வட்டத்தில் போகிறது, இடது சக்கரம் பெரிய வட்டத்தில் போகிறது. இரண்டும் ஒரே கோணத்தில் நின்றால் ஏதாவது ஒன்று உருளாமல் பக்கவாட்டில் இழுபடும். கோயில் தேர் அப்படித்தான்; சக்கரம் திரும்பாது என்பதால் முட்டுக்கட்டை கொடுத்துத் தரையோடு அரைத்துத்தான் வீதி முனையில் திருப்புகிறார்கள். காரில் அது நடந்தால் டயர் தாங்காது.

கணக்கைப் பாருங்கள். உங்கள் அளவுக் காரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஏறக்குறைய 2.45 மீட்டர், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.4 மீட்டர் இருக்கும். வளைவின் மையம், உள்பக்கப் பின்சக்கரத்திலிருந்து 3.1 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், உள் முன்சக்கரம் 38 டிகிரி திரும்ப வேண்டும். வெளிச்சக்கரத்துக்கு 29 போதும். கம்பெனிகள் இந்த வித்தியாசத்தை முழுதாக வைப்பதில்லை, குறைத்துத்தான் வைக்கின்றன. மால் பேஸ்மென்டின் வழுவழுப்புத் தரையில் முழுசாகத் திருப்பினால் டயர் கீச்சிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு.

இதற்கு அக்கர்மன் அமைப்பு என்று பெயர். மியூனிக்கில் குதிரைவண்டி செய்த லாங்கன்ஸ்பெர்கர் கண்டுபிடித்ததை, அவருடைய லண்டன் ஏஜென்ட் அக்கர்மன் 1818-இல் காப்புரிமை வாங்கினார்; பெயர் ஏஜென்டுக்குப் போய்விட்டது. சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில், ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடவலமாக நகரும் ரேக்கிலிருந்து வரும் டை ராட் மாட்டும் கை சற்றுச் சாய்ந்திருக்கும். வித்தியாசம் அந்தச் சாய்விலிருந்துதான் வருகிறது. வார்ப்பிலேயே வந்த சாய்வு அது, முடுக்கித் திருத்த அங்கே எதுவும் கிடையாது. பில்லில் ‘அக்கர்மன் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று ஒரு வரி இருந்தால் அது சுத்தப் பொய்.

நீங்கள் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள். இடதுபக்கமும் முழுசாகத் திருப்பச் சொல்லுங்கள். இடது சக்கரம் 38, வலது 32 என்று எண்கள் இடம் மாறி வந்தால் ரேக்கைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

அப்படி வராவிட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது முன்பு அலைன்மென்ட் செய்தவரை. ஸ்டியரிங் கோணலாக நின்றால் இரண்டு டை ராடையும் கூட்டிக் குறைத்து நேராக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, ஸ்டியரிங் வீலையே கழற்றி நேராக மாட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். உள்ளே ரேக் நடுவில் இருக்காது, ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். நீங்களே கண்டுபிடிக்கலாம்: சக்கரங்களை நேராக வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, கடைசிவரை எத்தனை சுற்று என்று இரண்டு பக்கமும் எண்ணுங்கள். ஒரு பக்கம் ஒன்றரை, இன்னொரு பக்கம் ஒன்றேகால் என்றால் விஷயம் இதுதான். டை ராடில் வெளியே தெரியும் மரையும் இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. புது ரேக் தேவையில்லை, ஒழுங்கான அலைன்மென்ட் போதும்.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் கவலைப்பட வேண்டும். பள்ளத்திலோ சென்டர் மீடியனிலோ சக்கரம் பலமாக இடித்திருந்தால் நக்கிளின் கை வளைந்திருக்கலாம். இது லேசில் பிடிபடாது. நேராக நிற்கும்போது டோவை, அதாவது முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கும் கோணத்தை, சரிசெய்துவிட முடியும், எனவே மெஷின் எல்லாக் கட்டத்தையும் பச்சையாகக் காட்டும். வளையும்போதுதான் குட்டு வெளிப்படும். உள்சக்கரத்தைச் சரியாக 20 டிகிரிக்குத் திருப்பி வெளிச்சக்கரத்தைப் படிக்க வேண்டும். இடது வளைவில் 18 வந்து, வலது வளைவில் 15.5 வந்தால் ஏதோ வளைந்திருக்கிறது. இரண்டு வளைவிலும் வந்த எண்களுக்கு நடுவே ஒன்றரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விடாதீர்கள். மாற்ற வேண்டியது நக்கிள் அல்லது டை ராட். பழைய கார் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டீலர் காட்டும் பச்சைத் தாள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இதை அளக்கும், டிகிரி குறித்த திருப்பு தட்டு, அலைன்மென்ட் கடையில் முன்சக்கரங்களுக்கு அடியிலேயே இருக்கிறது. இருந்தும் யாரும் அளப்பதில்லை. ஐந்து நிமிட வேலை, அதற்குக் காசு கிடையாது. ரேக் மாற்றினால் கமிஷன் உண்டு. இன்சூரன்ஸ் சர்வேயர் பெயின்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். அதனால் நீங்களே கேட்டு அளக்க வைத்து, எண்களை எழுதி வாங்குங்கள். இரண்டு பக்கமும் ஒத்துவந்து, ரேக்கில் ஆட்டமோ தட்டும் சத்தமோ எண்ணெய்க் கசிவோ இல்லை என்றால், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.