சொட்டு மருந்தை நிறுத்தினா குழந்தைக்கு மூக்கு இன்னும் அடைக்குது, ஏன்?

கேள்வி: டாக்டர், பையனுக்கு 11 மாசம், எட்டரை கிலோ. சளி புடிச்சப்போ மெடிக்கல்ல கேட்டு ஒரு மூக்கு டிராப்ஸ் வாங்கினேன், 9 நாளா போடுறேன். முதல்ல ராத்திரி ஒரு தடவை போட்டா விடிய வரைக்கும் தூங்குவான், இப்ப 4 மணி நேரத்துல திரும்ப அடைச்சுக்குது, அதனால பகல்லயும் ரெண்டு தடவை போடுறேன். காய்ச்சல் இல்ல, சளியும் ஒழுகல. பாட்டில்ல 0.1%னு போட்டிருக்கு. இத தொடரலாமா? சலைன் போட்டா அடைப்பு விடுமா?

பதில்: இன்னைக்கே நிறுத்திடுங்கம்மா. 0.1% பெரியவங்களுக்கான பலம், 11 மாச குழந்தைக்கு இத ஒரு நாள் கூட போட வேண்டியதில்ல. ரெண்டு மூணு ராத்திரி கஷ்டமா இருக்கும், ஏன்னு கீழ சொல்றேன், தெரிஞ்சுக்கிட்டா பயம் குறையும்.

உங்க கேள்வியிலயே விஷயம் இருக்கு பாருங்க, முதல்ல ராத்திரி முழுக்க நின்ன மருந்து இப்ப 4 மணி நேரம்தான் நிக்குது, காய்ச்சல் போயிடுச்சு, ஒழுகறதும் நின்னுடுச்சு, ஆனா அடைப்பு மட்டும் இருக்கு. சளியால அடைச்சிருந்தா மூக்கு ஒழுகும், தும்மும்போது ஏதாவது வரும். ஒண்ணுமே வராம கட்டிக்கிட்டே இருக்குன்னா அங்க சளி இல்ல, வீக்கம்தான், அதுவும் பெரும்பாலும் மருந்தே கொண்டு வந்த வீக்கம்.

மூக்குக்குள்ள பக்கச் சுவர்ல மடிப்பு மடிப்பா சதை இருக்கும், அது முழுக்க ரத்தக்குழாய், ஸ்பாஞ்ச் மாதிரி. சளி புடிக்கும்போது அதுல ரத்தம் நிறைஞ்சு வீங்கி வழிய மூடிடும். நாம மூக்கடைப்புனு சொல்றதுல பாதிக்கு மேல இந்த வீக்கம்தான். உங்க பாட்டில்ல 0.1%னா பெரும்பாலும் சைலோமெட்டாசோலின் இருக்கும், ஆக்ஸிமெட்டாசோலினும் இதே வகைதான், ரெண்டும் அந்த ரத்தக்குழாய சுருக்கற மருந்து, அதனாலதான் போட்ட அஞ்சு நிமிஷத்துல மூக்கு திறந்துடுது. ஆனா தினமும் சுருக்கிக்கிட்டே இருந்தா குழாய் அந்த மருந்துக்கு பழகிடும், அதே சொட்டுக்கு குறைவா சுருங்கும், மருந்து விலகினதும் முன்னாடி இருந்ததை விட அதிகமா விரிஞ்சுடும். அத பார்த்து நாம சளி இன்னும் சரியாகலனு நினைச்சு அடுத்த டோஸ சீக்கிரமே போடுவோம், அது இன்னும் மோசமாக்கும். பெரியவங்கள்லயே வருஷக்கணக்கா பாட்டில சட்டைப் பைல வச்சுட்டு சுத்துறவங்க இருக்காங்க, பஸ்ல ஏறினாலும் ஒரு சொட்டு, படுக்கும்போது ஒரு சொட்டு. பெரியவங்களுக்கே 3 நாள், ரொம்ப போனா 5 நாள்தான்னு நாங்க சொல்றது இதனாலதான்.

அது பெரியவங்க கதை, குழந்தைக்கு இன்னொரு பிரச்சனை இருக்கு, அதுதான் பெருசு. மூக்குல போடுற சொட்டு மூக்கோட நிக்காது, கொஞ்சம் மூக்குச் சதை வழியா ரத்தத்துல கலக்கும், மீதி தொண்டைக்கு இறங்கி வயித்துக்கு போகும். 65 கிலோ ஆள் நாலு சொட்டு போடறதும் எட்டரை கிலோ குழந்தைக்கு நாலு சொட்டு போடறதும் ஒண்ணு இல்ல, கிலோவுக்குனு கணக்கு போட்டா உங்க பையனுக்கு ஏழு மடங்குக்கு மேல போகுது. அதோட இந்த மருந்து சின்னக் குழந்தைகளோட மூளைக்குள்ள போனா அங்க ரத்தக்குழாய சுருக்கற வேலை செய்யாது, தலைகீழா வேலை செய்யும், தூக்கம் அமுக்கும், உடம்பு சில்லுனு ஆகும், இதயத் துடிப்பு குறையும், மூச்சும் மெதுவாகும்.

நான் பார்த்த ஒரு குழந்தைய சொல்றேன், 7 மாசப் பொண்ணு. அழுகைய நிறுத்தணும்னு பாட்டி தன்னோட டிராப்ஸ ரெண்டு பக்கமும் போட்டிருக்காங்க, முக்கால் மணி நேரம் கழிச்சு அம்மா வந்து, போட்டது தெரியாம, அதே பாட்டில இன்னொரு தடவை போட்டிருக்காங்க. ஒரு மணி நேரத்துல குழந்தை நல்லா தூங்குதுனு எல்லாருக்கும் சந்தோஷம். பால் குடுக்க எழுப்பினா எந்திரிக்கல, கை கால் ஜில்லுனு இருக்கு, அப்பதான் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. துடிப்பு அந்த வயசுக்கு இருக்க வேண்டியதை விட ரொம்ப கம்மி. ராத்திரி பூரா மானிட்டர்ல வச்சு பார்த்தோம், மறுநாள் மதியம் முழிச்சு சிரிச்சுது. பாட்டிய யாரும் திட்ட வேண்டியதில்ல, மூக்குல போடறதுதானே, மாத்திரை மாதிரியானு எல்லாரும்தான் நினைக்கிறோம்.

வாய் வழியா போனா இன்னும் மோசம். இந்த வகை மூக்கு மருந்தையும் கண் சிவப்புக்கு போடற இதே குடும்பத்து சொட்டு மருந்தையும் குழந்தைங்க தவறி குடிச்சத பத்தி அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012ல ஒரு எச்சரிக்கை வெளியிட்டாங்க, 1 முதல் 2 மில்லி உள்ள போனாலே சின்னக் குழந்தைக்கு கடுமையா பாதிக்கலாம்னு சொன்னாங்க. 2 மில்லினா அரை டீஸ்பூன் கூட இல்ல. இங்கிலாந்துல 2009லேர்ந்தே 6 வயசுக்கு கீழ இந்த வகைய கடையில வாங்கி போடக்கூடாதுனு வச்சிருக்காங்க, 6லேர்ந்து 12 வரைக்கும் 5 நாளுக்கு மேல இல்ல. நம்ம ஊர்ல சைலோமெட்டாசோலின் 0.05%, ஆக்ஸிமெட்டாசோலின் 0.025%னு குழந்தைக்கான பலம் கடையில கிடைக்குது, சில நேரம் டாக்டர் பார்த்து ரெண்டு மூணு நாளுக்கு எழுதலாம், அது வேற, ஆனா அதுவும் கேட்டு வாங்கிட்டு வந்து போடற மருந்து இல்ல. ஒரே பேர்ல பெரியவங்க டிராப்ஸ், குழந்தை டிராப்ஸ், வெறும் உப்புத்தண்ணி மூணும் வர்ற பிராண்டும் இருக்கு, அதனால பேர பார்க்காதீங்க, பின்னாடி சின்ன எழுத்துல என்ன மருந்துனு படிங்க. சோடியம் குளோரைடு மட்டும் இருந்தா அதுதான் சலைன்.

ஸ்ப்ரே பாட்டில பத்தியும் ஒண்ணு. நேரா புடிச்சு அமுக்கினா புகை மாதிரி கொஞ்சமா வரும், குழந்தைய படுக்க வச்சு பாட்டில கவுத்து அமுக்கினா தண்ணி மாதிரி பீச்சும், ஒரே அமுக்குல பல மடங்கு போயிடும். அளவு சரியாதான் போட்டேன்னு சொல்றவங்கள்ல சிலர் இப்படித்தான் போட்டிருப்பாங்க.

சரி, சலைன். உண்மைய சொல்லிடறேன், டிராப்ஸ் மாதிரி அஞ்சு நிமிஷத்துல திறக்காது. அது வீக்கத்த சுருக்காது, காஞ்ச சளியயும் பொருக்கயும் நனைச்சு இளக்கி வெளிய வர வைக்கும், அவ்வளவுதான். ஆனா 11 மாச குழந்தையோட மூக்கு துவாரம் எவ்வளவு குறுகலா இருக்கும், அதுல ஒரு பொருக்கு இருந்தாலே பாதி வழி போச்சு, அத எடுத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். உங்க பையனுக்கு இப்ப இருக்கற மருந்து வீக்கம் சலைனால வடியாது, நாள் கடந்தா தானா வடியும், அந்த நாட்கள ஓட்ட சலைன் உதவும். எத்தன தடவ போட்டாலும் அது பழகிப் போகாது, அதுதான் அதோட பலம்.

போடற முறை. கடையில 0.65% இல்லனா 0.9% சலைன் டிராப்ஸ் கிடைக்கும், எது கிடைச்சாலும் பரவால்ல. வீட்ல உப்பு கரைச்சு செய்யறதுல உப்பும் ஒரு நாள் கூடும் ஒரு நாள் குறையும், தண்ணி சுத்தமும் சந்தேகம், விலையும் பெருசில்ல, வாங்கிடுங்க. பாட்டில கைக்குள்ள கொஞ்ச நேரம் வச்சு குளிர் போக்குங்க, சில்லுனு விழுந்தாதான் குழந்தை அலறும். மடியில மல்லாக்க படுக்க வச்சு தலைய லேசா பின்னாடி சாய்ச்சு ஒவ்வொரு பக்கமும் 2 சொட்டு, துவாரத்துக்குள்ள முனை படாம. ஒரு நிமிஷம் அப்படியே இருக்கட்டும், அப்புறம் நிமித்தி தூக்குங்க, தும்மி வெளிய வந்தா துணியால துடைங்க, வரலைனா ரப்பர் பல்ப மூக்குல வைக்கறதுக்கு முன்னாடியே அமுக்கிக்கிட்டு அப்புறம் வாசல்ல வச்சு மெதுவா விடுங்க, சளிய இழுத்துக்கும். இந்த உறிஞ்சறத ஒரு நாளைக்கு 3, 4 தடவைக்கு மேல செய்யாதீங்க, அதிகமா செஞ்சா உள்ள புண்ணாகி அதுவே வீங்கும். சலைன் பால் குடுக்கறதுக்கு கால் மணி நேரம் முன்னாடியும் படுக்கறதுக்கு முன்னாடியும் போட்டா போதும், குடிச்ச உடனே போட்டா வாந்தி வரும்.

நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு, தாய்ப்பால் ரெண்டு சொட்டு, குளிப்பாட்டும்போது மூக்குல ஊதறது, கற்பூரம் கலந்த தைலத்த மூக்குக்கு கீழ தடவறதுனு வீட்ல யோசனை வரும். எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கினா ஒரு வகை நிமோனியாவே வரும், கற்பூரம் குழந்தைக்கு வலிப்பு வரைக்கும் கொண்டு போகும், தாய்ப்பால் மூக்குல காஞ்சு பொருக்காகும். எதுவும் வேண்டாம்.

நிறுத்தின பிறகு முதல் ரெண்டு மூணு ராத்திரிதான் கஷ்டம், வாய திறந்துட்டு தூங்குவான், நடுவுல முழிப்பான், கொஞ்சம் கொஞ்சமா பால் குடிப்பான், தடவை அதிகமா குடுங்க. நாலஞ்சாவது நாள்லேர்ந்து குறைய ஆரம்பிக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல சரியாகிடும். பெரியவங்கள்ல ஒரு மூக்குல முதல்ல நிறுத்தி அப்புறம் மறுபக்கம் நிறுத்தறதுண்டு, குழந்தைக்கு அந்த மாதிரி நீட்டிக்க வேண்டாம், ரெண்டு பக்கமும் ஒரேயடியா நிறுத்துங்க.

9 நாள் அந்த பலத்துல போட்டிருக்கறதால நாளைக்கு பக்கத்துல இருக்கற குழந்தை டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, பாட்டிலோட போங்க, எத்தன சொட்டு எத்தன தடவைனு மறைக்காம சொல்லுங்க. நெஞ்சுக்கூடு உள்வாங்கி மூச்சு விட்டாலோ, அமைதியா தூங்கும்போது எண்ணி நிமிஷத்துக்கு 50க்கு மேல இருந்தாலோ, பால் வழக்கத்துல பாதி கூட போகலைனாலோ, ஏழெட்டு மணி நேரம் யூரின் போகலைனாலோ நாளைக்குனு வைக்காம உடனே போங்க. டிராப்ஸ் போட்ட பிறகு எழுப்பினா எந்திரிக்கல, உடம்பு சில்லுனு இருக்கு, வெளுத்திருக்குனா வாந்தி எடுக்க வைக்க முயற்சி பண்ணாதீங்க, 108க்கு போன் போடுங்க, பாட்டில கையோட எடுத்துக்கோங்க.