பார்ட்டி சி.டி. பிடித்துக்கொண்டு பணம் போட்டால் கணக்கில் எப்படி எழுதுவது?

கேள்வி: ஈரோட்டில் காட்டன் துணி மொத்த வியாபாரம் செய்கிறேன். 30 நாள் கடன், 10 நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் சி.டி., அதாவது ரொக்கத் தள்ளுபடி, என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறோம். மதுரை பார்ட்டி ஒருவர் 1,05,000 ரூபாய் பில்லுக்கு ஒன்பதாம் நாளே 1,02,900 போட்டுவிட்டார். மீதி 2,100 அவர் பேரில் பாக்கியாகவே நிற்கிறது. விற்பனையில் கழித்துவிடலாம் என்கிறார் கணக்குப் பிள்ளை. ஜி.எஸ்.டி.யையும் குறைக்கலாமா?

பதில்: விற்பனையில் கைவைக்க வேண்டாம். நீங்கள் துணி விற்றது 1,00,000 ரூபாய்க்கு, அதற்கு 5 சதவீத வரி 5,000. அந்தப் பில் GSTR-1-இல் அப்படியேதான் போகும். தள்ளுபடி என்பது அதற்குப் பிறகு, பணம் சீக்கிரம் வந்ததற்காக நீங்கள் கொடுத்த விலை. பில் போடும்போதே கழிக்கிற வியாபாரத் தள்ளுபடிதான் விற்பனையைக் குறைக்கும். அதற்குத் தனிப் பதிவே கிடையாது. இது ரொக்கத் தள்ளுபடி, செலவுக் கணக்கில் போகிறது. (பெரிய கம்பெனிகளுக்கான இந்த் ஏ.எஸ். 115 என்ற கணக்கியல் தரநிலை இதை விற்பனையிலேயே கழிக்கச் சொல்லும். உங்கள் அளவு கடைக்கு அது வேண்டாம்.)

பில் போட்ட அன்று இருக்க வேண்டிய பதிவு இது. உள்மாநில விற்பனை என்பதால் வரி இரண்டாகப் பிரிகிறது.

மதுரை பார்ட்டி க/கு ப 1,05,000
　விற்பனை க/கு 1,00,000
　மத்திய ஜி.எஸ்.டி. க/கு 2,500
　மாநில ஜி.எஸ்.டி. க/கு 2,500

ஒன்பதாம் நாள் பணம் வந்தபோது:

வங்கி க/கு ப 1,02,900
அளித்த தள்ளுபடி க/கு ப 2,100
　மதுரை பார்ட்டி க/கு 1,05,000

இந்த மூன்று வரிதான் உங்கள் கேள்விக்கான நேரடி விடை. வங்கியில் வந்ததும் தள்ளுபடியும் சேர்ந்து முழுப் பில்லையும் தீர்த்துவிடும், பார்ட்டி பேரில் பூஜ்யம் நிற்கும். டேலியில் எழுதும்போது வரவை அந்தப் பில் எண்ணுக்கு எதிராகவே போடுங்கள். பில்லைக் காட்டாமல் பொதுவாக ‘On Account’ என்று போட்டால், பேரேட்டில் மொத்தம் சரியாக இருந்தாலும் பாக்கிப் பட்டியலில் அந்தப் பில் திறந்தே கிடக்கும். தள்ளுபடியை எழுதாமலே விட்டாலோ, மார்ச் கடைசியில் பட்டியல் எடுத்துப் பார்த்தால் 2,100, 840, 1,365 என்று துண்டு துண்டாக நிற்கும். அவற்றை மொத்தமாக வாராக்கடனில் தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நேரத்துக்கு முன்பே பணம் கட்டிய நல்ல பார்ட்டி, கணக்கில் பணம் தராதவர் ஆகிவிடுகிறார்.

சரி, ஜி.எஸ்.டி. விஷயத்துக்கு வருவோம். உங்கள் பார்ட்டி 2 சதவீதத்தை வரியோடு சேர்ந்த தொகைக்குப் பிடித்திருக்கிறார். சரக்கு மதிப்புக்கு மட்டும் என்றால் 2,000தான் பிடித்திருக்க வேண்டும், 1,03,000 வந்திருக்கும். இந்த 100 ரூபாயில்தான் பல கடைகளில் வாக்குவாதம் வருகிறது. பில்லில் ‘2% சி.டி.’ என்று மட்டும் இருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. எதன் மேல் 2 சதவீதம் என்று அடுத்த பில் புத்தகத்தில் தெளிவாக அச்சடித்துவிடுங்கள்.

நான் மேலே எழுதிய பதிவில் வரி குறையவில்லை. 5,000 முழுதாகக் கட்டுவீர்கள், 2,100 முழுவதும் உங்கள் செலவு. இதற்கு வரி காட்டாத வணிக கிரெடிட் நோட் ஒன்று கொடுத்தால் போதும். அதற்காகப் பார்ட்டி தன் உள்ளீட்டு வரியைத் திருப்பத் தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் வந்த சுற்றறிக்கையும் சொல்கிறது.

வரியையும் குறைக்க வேண்டுமென்றால் பிரிவு 34-இன்படி ஜி.எஸ்.டி. கிரெடிட் நோட் போட வேண்டும். உங்கள் பில்லில் நிபந்தனை முன்பே அச்சாகியிருப்பதும், தள்ளுபடி ஒரு குறிப்பிட்ட பில்லோடு சேர்ந்ததாக இருப்பதும் உங்களுக்குச் சாதகம். அப்போது பதிவு இப்படி மாறும்:

அளித்த தள்ளுபடி க/கு ப 2,000
மத்திய ஜி.எஸ்.டி. க/கு ப 50
மாநில ஜி.எஸ்.டி. க/கு ப 50
　மதுரை பார்ட்டி க/கு 2,100

வங்கி க/கு ப 1,02,900
　மதுரை பார்ட்டி க/கு 1,02,900

உங்கள் செலவு 2,100-இலிருந்து 2,000 ஆகக் குறைகிறது, 100 ரூபாய் மிச்சம். ஆனால் மதுரைக்காரர் தன் பக்கம் அந்த 100 ரூபாய் உள்ளீட்டு வரியைத் திருப்பியாக வேண்டும். அவர் செய்யாவிட்டால் உங்கள் வரிக் குறைப்பு நிற்காது. நீங்கள் கிரெடிட் நோட்டை GSTR-1-இல் காட்ட வேண்டும், பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-ஐத் தாண்டவும் கூடாது. 100 ரூபாய்க்காக ஒவ்வொரு பார்ட்டியையும் தொலைபேசியில் விரட்டுவதா? 5 சதவீத சரக்குக்கு நான் வணிக கிரெடிட் நோட்டோடு நின்றுவிடுவேன். 18 சதவீத சரக்கு விற்கிறவர், அதே 2,000 தள்ளுபடிக்கு 360 ரூபாய் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

எந்த வழியை எடுத்தாலும் பார்ட்டியின் புத்தகமும் உங்கள் புத்தகமும் ஒரே மாதிரி பேச வேண்டும். முதல் வழியில் அவர் ‘பெற்ற தள்ளுபடி’யில் 2,100 வரவு வைப்பார். இரண்டாவதில் அதே கணக்கில் 2,000, உள்ளீட்டு வரிக் கணக்குகளில் 50-ம் 50-ம் வரவு வைப்பார். நீங்கள் இரண்டாவது வழியில் போய், அவர் முதல் வழியிலேயே எழுதியிருந்தால் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் அனுப்பும்போது தெரியாது, பாக்கி இரண்டு பக்கமும் பூஜ்யம்தான். கிரெடிட் நோட் வரியை அவர் திருப்பினாரா என்று தனியாகக் கேட்டால்தான் வெளியே வரும்.

கேள்வி: இன்னொரு பார்ட்டி பதினேழாம் நாள்தான் பணம் போட்டார், ஆனாலும் 2 சதவீதம் பிடித்துக்கொண்டார். இதையும் தள்ளுபடியில் எழுதிவிடலாமா?

பதில்: உடனே எழுத வேண்டாம். வந்த தொகையை மட்டும் வங்கிக்குப் பற்று, பார்ட்டிக்கு வரவு வைத்துவிட்டு, பிடித்த தொகையை அந்தப் பில்லின் பேரிலேயே பாக்கியாக விடுங்கள். பத்து நாள் தாண்டிவிட்டது, சி.டி. பொருந்தாது என்று பில் எண்ணையும் தேதியையும் போட்டு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். அடுத்த பில்லோடு சேர்த்துத் தருகிறவர்கள் நிறைய. தர மாட்டேன் என்கிறார், பழைய பார்ட்டி, விட்டுவிடலாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் அன்றைய தேதியில் எழுதுங்கள்: அளித்த தள்ளுபடிக்குப் பற்று, பார்ட்டிக்கு வரவு. இதற்கு ஜி.எஸ்.டி. கிரெடிட் நோட் போடாதீர்கள். உங்கள் பில்லில் உள்ள நிபந்தனையை மீறிக் கொடுத்த சலுகை இது, வரியைக் குறைத்தால் கேள்வி வரும்.

பத்து நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதும் இங்கே சண்டைக்கு வரும். பில் தேதியா, லாரி போய்ச் சேர்ந்த தேதியா? அதையும் பில்லில் போட்டுவிடுங்கள்.