சுடர் சோதனையில் ஊதா வராமல் மஞ்சள் வருகிறது

"பொட்டாசியம் குளோரைடுக்கு ஊதா வரணும். எனக்கு மஞ்சள்தான் வருது. அறிக்கையில் என்ன எழுத?"

நீங்கள் பார்த்தது சோடியம். உப்பிலோ கம்பியிலோ விரல் பட்ட இடத்திலோ துளி இருந்தாலே போதும். சூட்டில் மேலேறிய அதன் எலக்ட்ரான் 3p-யிலிருந்து 3s-க்கு இறங்கும்போது சுமார் 2.1 eV ஆற்றல் 589 nm ஒளியாக வெளிவரும். ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான் ஒளி. பலர் இதை மாற்றி எழுதுகிறார்கள்.

பொட்டாசியத்தின் வலுவான கோடுகள் 766, 770 nm-இல், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் சிவப்பு ஓரத்தில் உள்ளன. 404 nm ஊதாக் கோடோ மங்கல். அதனால் மஞ்சள் எளிதில் மூடிவிடுகிறது.

நிக்ரோம் கம்பியை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துச் சூடாக்குங்கள் (பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம்). சுடரில் நிறம் வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு உப்பை வைத்து, நீலக் கோபால்ட் கண்ணாடி வழியாகப் பாருங்கள்; அது மஞ்சளை உறிஞ்சிவிடும், ஊதா தெரியும்.

வாணவேடிக்கையிலும் இதே தொல்லைதான். நீல நிறம் தரும் CuCl மூலக்கூற்றின் ஒளியைச் சிறிது சோடியம் கலந்தாலே கெடுத்துவிடும். உங்கள் சோதனையில் சோடியம் கலந்ததை அறிக்கையில் "பிழைக்கான காரணம்" பகுதியில் சேருங்கள்.